பிழைக்கத் தெரியாதவள்

என் ஓரகத்தியோடு சண்டை போட முடியாது. நானும் முயன்று பார்த்தவள்தான். ஒரே அடுப்படியில் இரண்டு பெண்கள் புழங்கினால் அவ்வப்போது வார்த்தை தடித்து வருவதுதான் ஆரோக்கியம். நான் ஆரம்பிப்பேன். "ஆமாம்மா, நான்தான் பார்க்காம வெச்சிட்டேன்" என்பாள் அவள். அதோடு கதை முடிந்தது. மூட்டிய கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதைக் கையோடு வேலைக்குக் கொண்டு போவேன். நான் ஒரு பெயின்ட் கடையில் பில் போடுகிறேன். அன்றைக்கு வெள்ளை பெயின்ட்டில் எந்த வெள்ளை என்று கேட்டு வருகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். குடும்பத்தில் அவளுக்கு இன்னொரு பட்டமும் உண்டு. அதைக் கொடுத்தவர் அவள் புருஷனே. பெரியவர் வெளிநாட்டில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, பெட்டி நிறைய சோப்புக் கட்டிகளோடு வருவார். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் மனைவியை அறிமுகம் செய்கிற விதம் ஒன்றுதான். "இது என் சம்சாரம். பிழைக்கத் தெரியாதவ."

அவர் சொன்னதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியாது. அக்கா தையல்காரி. அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை அவள் தைத்தது. அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்து பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிடும். அளவு எடுத்தபோதே இதை யோசித்து உள்மடிப்பில் துணி விட்டு வைத்திருப்பாள். கூப்பிட்டு, மடிப்பைப் பிரித்து, இறக்கிக் கொடுப்பாள். காசு வாங்க மாட்டாள். "துணி அவங்களோடதுதானே" என்பாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் யாராவது இருமினால் போதும், டோக்கனை அவர்களிடம் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் மறுபடி போவாள். இப்படி ஒருத்தியை வேறு எப்படித்தான் அறிமுகம் செய்வது?

குழந்தை கிடையாது. ஆனால் என் கணவரை வளர்த்தவள் அவள்தான். மாமியார் பல வருடம் படுக்கையில் கிடந்தார். இவர் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். சாப்பாடு கட்டிக் கொடுத்து, துவைத்துப் போட்டு, இஸ்திரி போட்டு அனுப்பியவள் அண்ணி. தன் பன்னிரண்டு வயதில் இஸ்திரி போட்ட அண்ணி தன் ஐம்பத்திரண்டு வயதிலும் போடுவாள் என்று எதிர்பார்ப்பதில் இவருக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. எனக்குத்தான்.

பெரியவர் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று வருடம் எல்லோருடைய தப்பையும் திருத்தினார். பிறகு ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. பட்டறையில் கூட வேலை பார்த்தவர்கள் அங்கிருந்தபடியே ஓடியாடிக் காகிதங்களை அனுப்பினார்கள். அந்த நாட்டு ஓய்வூதிய அலுவலகம் அக்கா பெயரில் மாதா மாதம் பணம் போட ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "அண்ணன் பென்ஷன்." அக்காவும் அப்படித்தான் சொல்வாள்.

அதன் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஹாலில் சோபாவை இழுத்துப் போட்டால் கட்டிலாகும். அதில்தான் படுக்கை. தையல் மெஷினுக்கு உள்ளே இடம் இல்லை. பால்கனியில், பழைய போர்வை போர்த்தி நிற்கும். மழைக்காலம் வந்தால் அவள் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பையும் போர்த்துவாள். வெயில் வந்ததும் எடுத்துவிட்டு, எண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மூடி வைப்பாள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைப்பேன். ஆனால் வாயைத் திறந்தால் "அந்த மெஷினை என்னதான் செய்யப் போறீங்க" என்றுதான் வரும்.

ஒரு நாள் சாப்பிடும்போது, உப்பை நகர்த்துகிற மாதிரி சொன்னாள். "ஒரு வீடு பார்த்து வெச்சிருக்கேன்."

என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "யாருக்கு அண்ணி?"

"எனக்குத்தான் தம்பி. மருந்துக் கடைக்கு மேல மாடி. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு."

"இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல. அங்க ஜன்னல் இடது பக்கம் இருக்கு."

தைக்கிறவர்களுக்கு இடது பக்கத்து வெளிச்சம் வேண்டும். வலது பக்கம் இருந்தால் கையின் நிழல் ஊசி மேல் விழும். இதை இவருக்கு விளக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளக்கிய பிறகும், யாரோ சொல்லிக்கொடுத்து அண்ணி பேசுவதாகவே நினைத்தார். என்னைப் பார்த்தார். நான் என் தட்டைப் பார்த்தேன். நிஜமாகவே நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த மாடியின் சொந்தக்காரர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் இல்லாத எதுவும் உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. வயதான பெண், தனியாக வருகிறாள், வாடகைக்கு என்ன வழி? வெளிநாட்டு ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பணம் வருகிறது என்று சொல்லி அக்கா பாஸ்புக்கைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். அதில் பணம் வந்த இடத்தில் நாலு எழுத்தும் ஒரு நீளமான எண்ணும் இருந்தன.

"யாரு அனுப்புறாங்கன்னு இதுல இல்லையேம்மா. யாராவது சொந்தக்காரங்க அனுப்புறதா இருந்தா நாளைக்கே நிறுத்திடுவாங்க. அந்த ஆபீஸ்ல வருஷா வருஷம் ஸ்டேட்மென்ட் குடுப்பாங்க. அதுல போன வருஷத்ததைக் கொண்டாங்க. சனிக்கிழமை சாயங்காலம் வேற ஒரு புருஷன் பெண்டாட்டி அட்வான்ஸ் குடுக்க வர்றாங்க. அதுக்கு முன்னாடி வந்தா உங்களுக்கு."

முன்பெல்லாம் அந்த ஸ்டேட்மென்ட் தபாலில் வரும். போன வருடம், இனிமேல் தபால் கிடையாது, எல்லாம் எங்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கடைசித் தபால் வந்தது. அதில் அக்காவின் பயனர் எண் இருந்தது. அப்போதே என் கணவர் கணக்கைத் திறந்து பாஸ்வேர்டும் போட்டு வைத்திருந்தார். திறந்ததோடு சரி, உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை இவரிடம் சொன்னோம். "சனிக்கிழமை லீவுதானே, உக்காந்து நிதானமா பார்க்கலாம்" என்றார். சனிக்கிழமை அந்த நாட்டு அலுவலகத்துக்கும் லீவு. ஏதாவது தெரியாவிட்டால் போன் பண்ணிக்கூடக் கேட்க முடியாது. இது இவருக்கு வியாழக்கிழமை தோன்றவில்லையா, இல்லை தோன்றித்தான் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நன்றாக இருக்காது.

சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்தார். நடுவில் அவர், இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் நான். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவர் என்பதால் எங்கள் வீட்டில் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. "எதையாவது அமுக்கி வெச்சிடாதீங்க" என்பது அவருடைய பொதுவான எச்சரிக்கை. எண்ணும் பாஸ்வேர்டும் போட்டதும் அக்காவின் போனுக்கு ஓடிபி போயிற்று. போன் அடுப்படியில் இருந்தது. அவள் எடுத்து வந்து, கண்ணாடியைத் தேடி, ஒவ்வொரு எண்ணாகப் படித்து முடிப்பதற்குள் அதற்கு ஆயுசு முடிந்துவிட்டது. இரண்டாவது தடவை போனை மேசையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனோம்.

உள்ளே எல்லாம் அந்த நாட்டு எழுத்து. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி முளைத்து, மொழிபெயர்க்கவா என்று கேட்டது. இவர் தமிழை அமுக்கினார். பக்கம் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது.

திறந்த தமிழ் ஒரு தினுசாக இருந்தது. மேலே அக்காவின் பெயர் போட்டு, உங்கள் வருகையால் மகிழ்ச்சி என்றிருந்தது. கீழே கட்டம் கட்டமாகத் தலைப்புகள். வீடு. என் நபர். பங்களிப்புகள். கொடுப்பனவுகள். வாக்குமூலங்கள். அஞ்சல் பெட்டி. வலது பக்க மூலையில் "வெளியே போ" என்று ஒன்று.

"மரியாதையே இல்ல" என்றேன்.

"அது லாக் அவுட். அதைத் தொடாத" என்றார்.

அக்கா மேசை மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல்லயே வீடுன்னு போட்டிருக்கே தம்பி."

வீட்டை அமுக்கினார். அதே பக்கம் மறுபடி வந்தது. அதே கட்டங்கள், அதே மகிழ்ச்சி. இருந்த இடத்துக்கே கொண்டுவந்து விடுவதற்கு ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

"என் நபர்" என்பதில் அக்காவின் பிறந்த தேதியும் எங்கள் விலாசமும் வங்கிக் கணக்கின் கடைசி நாலு எண்களும் இருந்தன. கொடுப்பனவுகளில் மாதா மாதம் வரிசையாகத் தேதி, தொகை, "செலுத்தப்பட்டது." பக்கத்தில் டவுன்லோடுக்கு ஒரு அம்புக்குறிகூட இல்லை.

"இதையே போட்டோ எடுத்துக் குடுத்துடலாம்" என்றார்.

"அவரு கோர்ட்டுல இருந்தவரு. போட்டோவைக் காட்டினா நம்ம மேலயே ஒரு கேஸ் போடுவாரு" என்றேன்.

பங்களிப்புகளைத் திறந்தார். நடுவில் ஒரே ஒரு வரி. "உங்களுக்கு வேலை செய்த காலங்கள் எதுவும் இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு ஆயுசு முழுக்க மெஷினை மிதித்த காலைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? அடுத்தவர் மாமியாரையும் அடுத்தவர் பிள்ளையையும் தூக்கிச் சுமந்த... சரி, அடுத்தவர் இல்லை, என் மாமியார், என் புருஷன். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "என்ன எழுதி வெச்சிருக்கான் பாருங்க" என்றேன்.

"அந்த ஊர்ல இல்லைன்னு சொல்றாங்கம்மா" என்றாள் அக்கா. "சரிதானே. நான் எங்க அங்க போனேன்?"

அஞ்சல் பெட்டியில் ஒரே ஒரு கடிதம், படிக்காமல் கிடந்தது. என் கணவர் சத்தமாகப் படித்தார். "உங்கள் ஆண்டு வாக்குமூலம் தயாராக உள்ளது. நீங்கள் அதை வாக்குமூலங்கள் பகுதியில் இறக்கிக்கொள்ளலாம்."

படித்துவிட்டுக் கையை மவுஸிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"வாக்குமூலமா? யாரு குடுத்தது? அண்ணி, நீங்க எங்கயாவது எதாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லையே தம்பி."

"பட்டறையில ஏதோ விசாரணை போல இருக்கு. இதுல நாம தலையிட வேண்டாம். திறந்தா ஒத்துக்கிட்டதா ஆயிடும்."

நான் யோசித்தேன். எங்கள் கடைக்கு மாதக் கடைசியில் ஆடிட்டர் வந்து, "பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து வெச்சிருக்கீங்களா" என்று கேட்பார். முன்பொரு முறை கடையில் திருட்டுப் போனபோது போலீஸ்காரர் வந்து, "உங்க ஸ்டேட்மென்ட் வேணும்" என்று என்னை உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். இரண்டுக்கும் ஒரே பெயர்.

"போலீஸ்ல எழுதுறதும் ஸ்டேட்மென்ட்தான், பேங்க்ல குடுக்குறதும் ஸ்டேட்மென்ட்தான்" என்றேன். "மொழிபெயர்க்கிற மெஷினுக்கு எந்த ஸ்டேட்மென்ட்னு தெரியல. போலீஸ் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் போட்டிருக்கு. இவ்வளவு நேரமா நாம தேடுறது இதைத்தான்."

இவர் ஒத்துக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் திரை மங்கியது. நடுவில் சிவப்பாக ஒரு பெட்டி. "பிழை. உங்கள் அமர்வு முடிந்துவிட்டது."

அக்கா அதை எழுத்துக் கூட்டுகிற மாதிரி படித்தாள். "பிழைன்னு வருதே."

"பிழைன்னா தப்புன்னு அர்த்தம் அண்ணி. ரொம்ப நேரம் சும்மா இருந்தா அதுவா வெளிய தள்ளிடும். பாதுகாப்புக்கு."

மறுபடி எண், மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி ஓடிபி. இந்த முறை நேராக வாக்குமூலங்களுக்குப் போனார். அங்கே இரண்டு பெட்டிகள். ஒன்றில் ஆண்டு. இன்னொன்றில், என்ன பென்ஷன் என்று கேட்கிறது போல, "நன்மையின் வகை" என்று போட்டு, "முதுமை" என்று அதுவாகவே நிரப்பி வைத்திருந்தது. கீழே "தேடு."

"முதுமை. கரெக்ட்டா போட்டிருக்கான்" என்றார். தேடினார். எந்த வாக்குமூலமும் கிடைக்கவில்லை என்று வந்தது.

"இந்த வருஷம் இன்னும் முடியலையே. முடிஞ்சாதானே கணக்குக் குடுப்பாங்க" என்றேன். போன வருடத்தை வைத்துத் தேடினார். கிடைக்கவில்லை. அதற்கு முந்தின வருடம். கிடைக்கவில்லை. அதற்கும் முந்தினது. பெரியவர் உயிரோடு இருந்த வருடம் வரைக்கும் பின்னாலேயே போய்ப் பார்த்தார். வருடம்தான் மாறியது, பதில் மாறவில்லை.

பிறகு வகைப் பெட்டியைத் திறந்தார். மூன்று சொற்கள் தொங்கின. முதுமை. ஊனம். உயிர் பிழைத்தவர்.

ஊனத்தைப் பார்த்து இவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "முட்டி வலி இருக்கு தம்பி. போட்டுப் பாருங்க" என்றாள் அக்கா. போட்டுப் பார்த்தோம். இல்லை.

"மூணாவது?" என்றேன்.

"அது வேற. விபத்துல தப்பிச்சவங்களுக்கு. கப்பல் பட்டறை இல்லையா, அடிக்கடி நடக்கும்" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணன்தான் பிழைக்கலையே."

பெரியவரின் படம் சுவரில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்திருந்தால் வந்து உட்கார்ந்து எங்கள் மூவரையும் திருத்தியிருப்பார்.

இவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "திங்கக்கிழமை போன் பண்ணிக் கேட்டுடலாம். இந்த வீடு போனா என்ன, வேற வீடா கிடைக்காது?" இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரியாதா? கெட்ட எண்ணம் இல்லை. வளர்த்தவள் வீட்டை விட்டுப் போகிறாள் என்று தாங்க முடியாத ஒரு பையன் முகம்தான் அது. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தாற்போல் அவர் சொன்னதைக் கேட்டதும் இன்னும் வந்தது.

"அண்ணி, கொஞ்சம் டீ கிடைக்குமா?"

அக்கா எழுந்து போனாள். சாயங்காலம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அவள் ஜன்னலுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார்கள், அவள் டீ போடப் போகிறாள். தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. நான் இவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் நான் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"எதையாவது அமுக்கி..."

"அமுக்கினா என்ன? கப்பல் கவுந்திடுமா?"

"கோவப்படாத. நான் என்ன, அண்ணி போகக் கூடாதுன்னா சொன்னேன்?"

"சொல்லல. டீதான் கேட்டீங்க."

அப்போது அடுப்படியில் இருந்து குரல் வந்தது. உப்பை நகர்த்துகிற அதே குரல்.

"அந்த மூணாவதையும் ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

"அது உயிர் பிழைச்சவங்களுக்கு அண்ணி" என்றார் இவர், பொறுமையாக.

"நான் இருக்கேனே தம்பி."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புருஷன் பெண்டாட்டியில் ஒருவர் போய்விட்டால், இருக்கிறவர்தானே பிழைத்தவர்? இத்தனை வருடமும் அண்ணன் பென்ஷன், அண்ணன் பென்ஷன் என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பக்கத்திலும் அண்ணனையே தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது அக்காவின் பெயர்.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, போன வருடத்தை வைத்து, தேடு என்பதை அமுக்கினேன். ஒரு வரி வந்தது. "ஆண்டு வாக்குமூலம்." அதன் வலது பக்கத்தில், கீழ் நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி.

அம்பை அமுக்கியதும் கோப்பு இறங்கியது. திறந்தால் மறுபடி அந்த நாட்டு எழுத்து. வெப்சைட்டைத் தமிழாக்கிய பெட்டி, இறக்கிய காகிதத்தில் வேலை செய்யவில்லை. மேலே அலுவலக முத்திரை, அக்காவின் பெயர், அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு நீளமான சொல், பிறகு வருடம் முழுமைக்கான தொகை.

"இதுதான்னு எப்படித் தெரியும்?" என்றார் இவர். நியாயமான கேள்வி. வெப்சைட் பக்கத்துக்குப் போய் மொழிபெயர்ப்பை நிறுத்தினேன். தமிழ் மறைந்து பழைய எழுத்து வந்தது. வகைப் பெட்டியில் "உயிர் பிழைத்தவர்" இருந்த இடத்தில் என்ன சொல் வருகிறதோ, அதையும் காகிதத்தின் தடித்த சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அக்கா டீயோடு வந்து நின்றாள். எழுத்து எழுத்தாக விரல் வைத்துக்கொண்டு போனோம். ஒன்றேதான், கடைசியில் மட்டும் ஒரு வால் கூடுதலாக இருந்தது. ஓய்வூதியம் என்பதாக இருக்கும்.

டீயை யார் குடித்தார்கள் என்று நினைவில்லை. எங்கள் பெயின்ட் கடை சனிக்கிழமை மதியம் வரைக்கும் உண்டு. நானும் அக்காவும் ஓடிப் போய் அங்கே பிரின்ட் எடுத்தோம். முதலாளி என்ன மொழி என்று கேட்டார். "வாக்குமூலம்" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அக்கா என் மேசையில் இருந்த பேனாவை எடுத்து, அந்தத் தடித்த சொல்லுக்குக் கீழே, குமாஸ்தாவுக்குப் புரிவதற்காக, "உயிர் பிழைத்தவர்" என்று தமிழில் எழுதினாள். அவள் எழுத்து தையல் போல ஒரே சீராக இருக்கும்.

சாயங்காலம் மூன்று பேரும் போனோம். என் கணவரும் வந்தார், யாரும் கூப்பிடாமல். குமாஸ்தாவின் முன்னறையில் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பாவம், நல்ல பிள்ளைகள் மாதிரிதான் இருந்தார்கள். அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு, எங்கே "நீங்களே எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவளுக்கு அது கைவந்த கலை. ஆஸ்பத்திரி டோக்கன் என் கண் முன்னால் வந்து போயிற்று.

அக்கா அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு நேராகப் போய்க் காகிதத்தை மேசையில் வைத்தாள்.

குமாஸ்தா முத்திரையை முதலில் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தொகையைப் பார்த்தார். பாஸ்புக்கை வாங்கிப் பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி ஒத்துப் பார்த்தார். ஒத்துப் போனதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்திருக்கும்.

"வீட்டுக்காரர் பென்ஷனா?"

"அவரோடது அவர் போனப்பவே நின்னுடுச்சுங்க. இது என்னோடது" என்றாள் அக்கா.

என் கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டில் யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

"அட்வான்ஸ் கொண்டாந்திருக்கீங்களா?"

எடுத்து வைத்தாள். அவர் வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, காகிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. இந்த வயசுல, தனியா. மாடிப்படி வேற. பிழைச்சுக்குவீங்களா?"

இவர் வாயைத் திறந்தார், நான் அவர் காலை மிதித்தேன். அக்கா கொஞ்சம் குனிந்து, காகிதத்தை அவர் பக்கமாகத் திருப்பி, தான் எழுதிய சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"அதான் அதுலயே போட்டிருக்காங்களே."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார். கோர்ட்டில் இருந்தவர், முத்திரை போட்ட காகிதத்தை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. மேசை டிராயரைத் திறந்து சாவியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் நேராகப் பால்கனிக்குப் போய், மெஷின் மேலிருந்த போர்வையை எடுத்து, உதறி, மடித்து வைத்தார். எடுத்து மடித்து வைக்கிற வேலையை அவர் செய்து நான் பார்த்ததே இல்லை. மூலைகள் ஒன்று சேரவில்லை. அக்கா வந்து அதைத் திருத்தி மடிக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அவள் குடிபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இவருடைய பேன்ட் ஒன்றைக் கொண்டுபோய், நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று அவள் மேசையில் போட்டேன். இடது பக்க ஜன்னல் திறந்திருந்தது. பாதி தைத்த சீருடை ஒன்று ஊசிக்கடியில் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வேலை எடுக்கறதில்ல" என்றாள்.

"அதோ தைச்சுட்டிருக்கீங்களே?"

"அது நேத்து எடுத்தது. புதன்கிழமை வா. கூலி இவ்வளவு ஆகும்."

அவள் சொன்ன தொகையைக் கேட்டு எனக்கு நிஜமாகவே தூக்கிவாரிப் போட்டது. "வீட்டு ஆளுக்கே இந்த ரேட்டா" என்று ஆரம்பித்தேன். அவளும் விடவில்லை. துணி கெட்டித் துணி, ஊசி உடையும், நூல் விலை என்ன தெரியுமா என்று கேட்டாள். கீழே மருந்துக் கடைக்காரர் படியேறி வந்து என்ன ஆச்சு என்று பார்க்கிற அளவுக்குப் போயிற்று. கடைசியில் பேன்ட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். புதன்கிழமை போய் முழுக் கூலியும் கொடுத்துத்தான் வாங்கினேன்.